குரூப்பில் "பாத்துக்கங்க" என்று வரும் வேலையை எப்படித் திருத்தி எழுதுவது?

பாம்பன்_கணக்கர்

வணக்கம். பாம்பனில் மீன் வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்பும் சின்ன நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். முதலாளி, ஜெட்டியில் ஏலம் எடுப்பவர்கள், ஷெட் மேஸ்திரி, வேன் டிரைவர், நான் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். வேலை முழுக்க அதில்தான் ஓடுகிறது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலை திரும்பும். நடுவில் உள்ள நாட்கள் நாட்டுப்படகுக்கு. அதனால் எங்களுக்கு வேலை நெருக்குவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில்தான். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்று பிசகினால் அன்றைய மீன் மொத்தமும் விலை இறங்கிவிடும்.

முந்தின நாள் குரூப்பில் வரும் மெசேஜ்கள் இப்படி இருக்கும்:

> நாளைக்கு ஐஸ் பாத்துக்கங்க. போன தடவை மாதிரி ஆகிறக்கூடாது.

> பெட்டி எல்லாம் ரெடியா இருக்கணும்.

> தூத்துக்குடிக்கு அந்தப் பேப்பரை சீக்கிரம் அனுப்பிவிடுங்க.

உடனே கீழே நாலைந்து கட்டைவிரல் விழும். காலையில் பார்த்தால் ஐஸ் வந்திருக்காது. "நீ சொல்லிட்டன்னு நெனச்சேன்" என்று ஒருவர், "அவர்தானே எப்பவும் சொல்வார்" என்று இன்னொருவர். கடைசியில் திட்டு வாங்குவது வேன் டிரைவர்.

இனி இப்படி வரும் மெசேஜை நான் திருத்தி, தெளிவாக எழுதிப் போடலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டிருக்கிறார். எப்படி எழுதினால் வேலை நடக்கும்? இதே வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

முதுகுளத்தூரான்

இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பேரைப் போடுங்கள், நேரத்தைப் போடுங்கள். தீர்ந்தது.

> முருகேசன், நாளை காலை 5 மணிக்குள் ஐஸ் ரெடி பண்ணவும்.

பேர் இல்லாத மெசேஜ் எல்லாருக்கும் போகும், யாருக்கும் சேராது. எங்கள் ஆபீசில் பேர் போட ஆரம்பித்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

ஆசிரியை_பரமக்குடி

பணி ஒதுக்கீடு எழுத்தில் தரும்போது "பார்வை", "பொருள்" இரண்டும் முதலில் வர வேண்டும். பிறகு "மேற்காண் பொருள் தொடர்பாகக் கீழ்க்குறித்தவாறு செயல்படக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று தொடங்கினால் யாரும் தட்டிக் கழிக்க மாட்டார்கள். மாதிரிச் சுற்றறிக்கை வேண்டுமானால் தட்டச்சு செய்து தருகிறேன்.

பாம்பன்_கணக்கர்

நன்றி டீச்சர். இது அலுவலகக் கடிதம் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வேன் ஓட்டிக்கொண்டு வருகிறவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு நிமிடம் பார்க்கிற மெசேஜ். அதில் இவ்வளவு நீளம் தாங்காது.

தொண்டி_சரக்கு

சரக்கு அனுப்பும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன். முதுகுளத்தூரான் சொன்னது பாதி சரி. பேரும் நேரமும் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த மெசேஜில் "ஐஸ் ரெடி" என்பதைப் பாருங்கள். ஏலம் எடுப்பவரைக் கேட்டால், ஐஸ் கம்பெனியில் சொல்லி வைத்தால் ரெடி. டிரைவரைக் கேட்டால், வேனில் ஏற்றினால் ரெடி. ஷெட் மேஸ்திரிக்கு, கிரஷரில் நொறுக்கிப் பெட்டியில் கொட்டினால்தான் ரெடி. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. முருகேசன் 5 மணிக்கு ஐஸ் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுவிட்டு "ஐஸ் ரெடி" என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் வேலை முடிந்தால் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை எழுத வேண்டும். எங்கே, எவ்வளவு, எந்த நிலையில் இருக்கும் என்று.

பாம்பன்_கணக்கர், உங்களிடம் சில கேள்விகள். செவ்வாய்க் காலை எவ்வளவு மீன் எதிர்பார்க்கிறீர்கள்? ஷெட்டுக்கு மீன் எத்தனை மணிக்கு வந்து சேரும்? தூத்துக்குடி வண்டி எப்போது கிளம்ப வேண்டும்? உங்கள் ஐஸ் பார் எத்தனை கிலோ?

பாம்பன்_கணக்கர்

நல்ல நாளில் 800 கிலோ வரை வாங்குவோம். மீன் ஷெட்டுக்கு வர 6:30 ஆகும். தரம் பிரித்து, ஐஸ் போட்டு, 8:30-க்கு வண்டி எடுக்க வேண்டும். ஒரு பார் 50 கிலோ. எங்கள் குரூப்பிலும் முருகேசன் என்று ஒருவர் இருக்கிறார், ஐஸ் சொல்லி வைப்பதை அவரிடம் கொடுக்கலாம். வேன் டிரைவர் ரபீக், ஜெட்டியில் ஏலம் எடுப்பவர் கண்ணன்.

தொண்டி_சரக்கு

சரி, இதை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதுதான் வழக்கமான கணக்கு. 800 கிலோவுக்கு 16 பார். நொறுக்கும்போது கரைவது, வழியில் மேலே போடுவது எல்லாம் சேர்த்து 20 என்று வையுங்கள். ஆக "ஐஸ் பாத்துக்கங்க" என்பதற்குள் ஒளிந்திருந்த அளவு 20 பார்.

இப்போது நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மீன் 6:30-க்கு வருகிறது என்றால், நொறுக்கிய ஐஸ் 6 மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டும். அதற்கு வேன் 5 மணிக்கு ஐஸ் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். இதோடு நிறுத்திவிட்டால் முருகேசனுக்கு வந்த மெசேஜ் மாதிரிதான் ஆகும். ஏனென்றால் காலை 5 மணிக்கு அங்கே போய், "இன்னிக்கு ஸ்டாக் இல்ல" என்று சொன்னால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மீன் இறங்கும் நாளில் எல்லா வியாபாரியும் ஐஸுக்குத்தான் நிற்பான். ராத்திரி கரண்ட் போயிருந்தாலும் கதை அவ்வளவுதான். வேறு கம்பெனியில் கேட்க அவகாசம் வேண்டும் என்றால் முந்தின நாள் சாயங்காலமே பதில் தெரிந்தாக வேண்டும்.

அப்படியானால் இது ஒரு வேலையே இல்லை, இரண்டு. சொல்லி வைப்பது ஒன்று, கொண்டுவந்து நொறுக்குவது இன்னொன்று. ஆள் வேறு, நேரம் வேறு. தனித்தனி மெசேஜாகப் போடுங்கள்.

> @முருகேசன் நாளை செவ்வாய்க்கு 20 பார் ஐஸ் சொல்லி வைக்கணும். இன்று திங்கள் மாலை 6 மணிக்குள் "20 உறுதி, இன்ன கம்பெனி" என்று இங்கே எழுதுங்க. குறையும்னு தெரிஞ்சா 6 மணி வரை காத்திருக்காம உடனே எனக்குப் போன்.

> @ரபீக் நாளை செவ்வாய் காலை 6 மணிக்குள் 20 பாரும் நொறுக்கி ஷெட் பெட்டியில் இருக்கணும். கம்பெனி பேர் முருகேசன் சொல்வார். கொட்டி முடிச்சதும் பெட்டியை ஒரு போட்டோ. 5:15-க்கு ஐஸ் கைக்கு வரலைன்னா முதலாளிக்குப் போன்.

இரண்டிலும் கடைசி வரியைக் கவனியுங்கள். கெடு 6 மணி, ஆனால் "நடக்காது" என்று சொல்ல வேண்டிய நேரம் அதற்கு முன்னால். இந்த வரியை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். சரியாக 6 மணிக்கு "கிடைக்கலண்ணே" என்று வரும் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று. "நாளைக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். நம்ம தொழிலில் பாதி மெசேஜ் நள்ளிரவுக்கு மேல் வருகிறது. ராத்திரி 12:40-க்கு ஒருவர் "நாளைக்கு" என்று எழுதினால் அது விடியப்போகிற நாளா, அதற்கு அடுத்த நாளா? கிழமையைச் சேர்த்துவிட்டால் சந்தேகமே வராது.

முதுகுளத்தூரான்

இவ்வளவு எழுதினால் யார் படிப்பார்கள்? நான் சொன்னது ஒரு வரி. நீங்கள் எழுதியது ஒரு பத்தி.

தொண்டி_சரக்கு

நீளமாகிவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. தினமும் ஒரே மாதிரி நடக்கிற வேலைக்கு இவ்வளவு தேவையில்லை. ரபீக்குக்கு இரண்டு மூன்று முறை இப்படி எழுதிவிட்டால், பிறகு "@ரபீக் செவ்வாய் காலை 6, 20 பார், வழக்கம்போல்" என்றாலே போதும். "வழக்கம்போல்" என்ன என்பது இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புது ஆள் வந்தால், அளவு மாறினால், வழக்கமான ஆள் லீவு என்றால் மறுபடி முழுசாக எழுதுங்கள்.

கீழக்கரை_நெய்தல்

நீங்கள் எல்லாரும் பேர் போடு, பேர் போடு என்கிறீர்கள். எங்கள் இடத்தில் அங்கேதான் சிக்கல். எங்கள் குரூப்பில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். அறுபது தாண்டியவர், எங்களுக்கெல்லாம் தொழில் சொல்லிக் கொடுத்தவர். அவர் பேருக்கு முன்னால் @ போட்டு, "6 மணிக்குள் முடிக்கவும்" என்று இருபத்தாறு வயதுப் பையன் எழுதினால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் "யாராவது பாருங்களேன்" என்று பொதுவாக எழுதுகிறோம். சோம்பேறித்தனத்தால் அப்படி எழுதுவதாக நினைக்க வேண்டாம், மரியாதைக்காகத்தான்.

தொண்டி_சரக்கு

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. குரூப்பில் வரும் மொட்டை மெசேஜில் பாதி இப்படிப் பிறந்ததுதான். பேர் சொல்லக் கூச்சம், நேரம் சொன்னால் அதட்டுகிற மாதிரி ஆகுமே என்ற தயக்கம்.

நான் செய்வது இது. முதலில் போன். "காக்கா, வியாழக்கிழமை நண்டு எடை நீங்க நின்னா நல்லா இருக்கும், எத்தனை மணிக்கு உங்களுக்குத் தோதுப்படும்?" நேரத்தை அவரே சொல்வார். அதன் பிறகு குரூப்பில் எழுதுவது கட்டளையாக இருக்காது, பேசியதன் பதிவாக இருக்கும்:

> காக்காகிட்ட பேசியாச்சு. வியாழன் காலை 7 மணிக்கு நண்டு எடைக்கு அவங்க நிக்கிறாங்க. எடைச்சீட்டு காக்கா கையெழுத்தோட 8 மணிக்கு ஷெட்டுக்கு வரும்.

இதில் ஆள், நேரம், கடைசியில் கையில் வருவது என்ன என்று மூன்றும் இருக்கிறது. அவர் மரியாதையும் குறையவில்லை. மற்றவர்களுக்கும் "இது காக்கா பொறுப்பு" என்று தெரிந்துவிட்டது.

கீழக்கரை_நெய்தல்

இது எங்களுக்கு ஒத்துவரும். ஆனால் ஒரு பயம். ஒருவர் பேரைப் போட்டுவிட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களே? "காக்கா வேலை, நமக்கென்ன" என்று.

தொண்டி_சரக்கு

நடக்கும். பேர் போடுவது, கேட்டால் பதில் சொல்லப் போகிறவர் யார் என்பதற்காக. தூக்குவதற்கும் பிடிப்பதற்கும் யார் வந்தாலும் சரி. அதையும் வேலையோடு சேர்த்து எழுதிவிடலாம், "கூட இரண்டு பேர் ஷெட்டிலிருந்து வருவாங்க" என்று. ஆனால் பொறுப்புக்கு இரண்டு பேரைப் போடாதீர்கள். "முருகேசன், ரபீக் இரண்டு பேரும் பாத்துக்கங்க" என்பது, பேரே போடாத மெசேஜைவிட மோசம். இரண்டு பேரும் அடுத்தவர் செய்வார் என்று நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பாசி_அக்கா

நான் கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழுவில் இருக்கேன். மூங்கில் மிதவையில் கட்டி, 45 நாளில் அறுத்துக் காய வைப்போம். எங்க குழுவில் பாதிப் பேருக்கு எழுத்து அவ்வளவா வராது, எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். அதில் ஒருத்தர் பேச ஆரம்பிச்சா வீட்டு விசேஷத்தில் தொடங்கி, மழை, மருமகள் எல்லாம் வந்து, நடுவில் "அந்தப் பாசியைக் காய வச்சு வச்சிருங்க, வண்டி வருது" என்று ஒரு வரி வரும். அது யாருக்குச் சொன்னது, எந்த வண்டி, எப்ப வருதுன்னு தெரியாது.

இன்னொரு கஷ்டம். நீங்க சொல்ற மாதிரி, முடிஞ்சதுன்னா கண்ணுக்கு என்ன தெரியணும்னு எழுத முடியாத வேலை எங்களுது. பாசி காய்ஞ்சிருக்கா இல்லையான்னு கையில் பிடிச்சுப் பார்த்தால்தான் தெரியும். மேலே முறுக்கா இருக்கும், அடியில் ஈரம் இருக்கும். போட்டோவில் எல்லாம் காய்ஞ்ச மாதிரியேதான் தெரியுது. ஈரத்தோட மூட்டை கட்டினா வியாபாரி வந்து எடையைக் கழிச்சுடுறார்.

தொண்டி_சரக்கு

அக்கா, நீங்கள் சொன்னது இந்த இழையில் யாரும் யோசிக்காதது. கையால் மட்டுமே தெரிகிற வேலைக்கு, யார் கை என்பதை எழுதிவிடுங்கள். "புதன் மதியம் 2 மணிக்கு, குழுத்தலைவி அடிப்பாசியை எடுத்துப் பிடிச்சுப் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் மூட்டை கட்டணும்." அப்போது முடிந்ததா இல்லையா என்று வாக்குவாதம் வராது, தலைவியின் வாய்ச்சொல்தான் அளவு. தலைவி ஊரில் இல்லாத நாளில் யார் பார்ப்பது என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ஸ் மெசேஜை நிறுத்தச் சொல்ல மாட்டேன். எழுத வராதவரிடம் எழுது என்றால் அவர் குரூப்பை விட்டே ஒதுங்கிவிடுவார். வேலைக்கான வாய்ஸை மட்டும் தனியாக, சின்னதாக அனுப்பச் சொல்லுங்கள். முதல் வார்த்தை அந்த வேலை யாருடையதோ அவர் பேராக இருக்கட்டும். எழுத வருகிற ஒருவர் அந்த வாய்ஸுக்கே ரிப்ளை கொடுத்து, அடியில் ஒரு வரி எழுதட்டும்: "செல்வி, புதன் மதியம் 2, மிதவை அறுத்த பாசி, தலைவி பார்த்து மூட்டை." நாலு நாள் கழித்துத் தேடும்போது வாய்ஸைத் தேட முடியாது, அந்த வரியைத் தேட முடியும்.

பாசி_அக்கா

பதில் எப்படி வாங்குறது? எல்லாரும் பூ படம் போடுவாங்க.

முதுகுளத்தூரான்

பதில் எதற்கு? மெசேஜை அழுத்திப் பிடித்து விவரத்தைப் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று வாட்ஸ்அப்பே காட்டும். படித்துவிட்டான் என்றால் தெரியாது என்று சொல்ல முடியாது. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வேன்.

தூத்துக்குடி_மருமகன்

நடுவில் வருகிறேன். வாட்ஸ்அப் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும்.

முதுகுளத்தூரான் சொன்ன பட்டியல், அந்தந்த ஆள் போனில் அந்த மெசேஜ் திறந்தது என்று மட்டும் காட்டும். வீட்டில் பிள்ளை போனை வைத்து விளையாடும்போது திறந்தாலும் படித்ததாகத்தான் வரும். சிலர் நீல டிக்கை அணைத்து வைத்திருப்பார்கள். குரூப்பில் அதையும் மீறிக் காட்டும்தான், ஆனாலும் படிப்பது வேறு, ஒத்துக்கொள்வது வேறு.

இரண்டாவது, இதுதான் ஆபத்தானது. அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம் என்று வசதி இருக்கிறது. திருத்தினால் ஓரத்தில் திருத்தியது என்று சின்னதாக வரும், ஆனால் புதிதாக மணி அடிக்காது. நீங்கள் "காலை 6" என்று போட்டு, ரபீக் பார்த்துவிட்டுப் போனை உள்ளே வைத்த பிறகு, "காலை 5" என்று திருத்தினால் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் மனதில் 6தான். நேரமோ அளவோ மாறினால் பழையதைத் திருத்தாதீர்கள். அதற்கே ரிப்ளை கொடுத்து, "நேரம் மாற்றம்: காலை 5. ரபீக், பார்த்துட்டு எழுதுங்க" என்று புது மெசேஜாகப் போடுங்கள். எழுத்துப்பிழை என்றால் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம்.

அன்றைய முக்கியமான ஒன்றிரண்டு வேலையைக் குரூப்பின் உச்சியில் பின் செய்து வைக்கலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். எங்களுக்கு 24 மணி நேரமே சரியாக இருக்கிறது. அதற்கு மேல் வைத்தால் பழைய வேலை மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

தொண்டி_சரக்கு

பதில் விஷயத்துக்கு வருகிறேன். கட்டைவிரலும் பூவும் "பார்த்தேன்" என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலையை எடுத்துக்கொண்டவர் அளவையும் நேரத்தையும் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: "20 பார், காலை 6, ஷெட். சரி." இப்படித் திருப்பிச் சொல்லும்போதுதான் தவறாகப் புரிந்துகொண்டது வெளியே வரும். "20 பெட்டி, சரி" என்று எழுதினால் ராத்திரியே பிடித்துவிடலாம். கட்டைவிரலில் அது தெரியாது.

முதுகுளத்தூரான், ஸ்கிரீன்ஷாட் பிறகு யார் மேல் தப்பு என்று காட்ட உதவும். 6:30-க்கு வந்து இறங்கிய மீனுக்கு அது உதவாது.

முதுகுளத்தூரான்

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்னதைத் திருப்பிச் சொல் என்றால் நம்ம ஆட்கள், "என்ன, ஸ்கூல் பையனா நான்?" என்று கேட்பார்கள். நீங்களே சந்திப்பீர்கள்.

பாம்பன்_கணக்கர்

ஐஸ் மெசேஜை அப்படியே பயன்படுத்தினேன். முருகேசன் 5:20-க்கே "16தான் தர்றாங்க" என்று போன் செய்தார். பக்கத்து ஊர் மண்டபத்தில் கேட்டு மீதி 4 சொல்லி வைத்தோம். ரபீக் காலையில் போட்டோ போட்டார். பெரிய நிம்மதி.

முதுகுளத்தூரான் சொன்னதும் நடந்தது. ரபீக் திருப்பி எழுதவில்லை, "ம்" என்று மட்டும் போட்டார். நான் போன் போட்டுக் கேட்டேன், சரியாகச் சொன்னார். இப்போதைக்கு அவருக்குப் போன்தான் என்று வைத்திருக்கிறேன்.

இப்போது மூன்றாவது மெசேஜ், "அந்தப் பேப்பர்". திருத்தி எழுத உட்கார்ந்தால் எந்தப் பேப்பர் என்றே எனக்குத் தெரியவில்லை. முதலாளியிடம் கேட்டேன். பில்லா, எடைச்சீட்டா என்றால், இரண்டும் இல்லையாம். தூத்துக்குடியில் வாங்குகிறவர் ஏற்றுமதி செய்கிறார், எந்தெந்தப் படகில் பிடித்த மீன் என்ற பட்டியல் அவருக்கு வேண்டுமாம். குரூப்பில் ஏலம் எடுப்பவர் எடைச்சீட்டு என்று நினைத்து அதைத்தான் ஒவ்வொரு தடவையும் அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கிருந்து "பேப்பர் வரல" என்று போன் வரும், இங்கே "அனுப்பியாச்சே" என்று சண்டை.

தொண்டி_சரக்கு

ஏற்றுமதிச் சரக்கு, அதிலும் ஐரோப்பாவுக்குப் போவது என்றால், மீன்பிடிச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குப் படகின் பதிவு எண் வேண்டும். உங்கள் பக்கம் படகில் `IND-TN-10-MM-` என்று தொடங்கி எழுதியிருப்பார்களே, அதுதான். ஒரு எண் தப்பாகப் போனால் பட்டியல் திரும்பி வரும்.

இங்கே திருத்தி எழுதுகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை எழுதுவது இல்லை, நீங்கள் செய்ததுதான்: கேட்பது. "அந்த", "அது", "போன தடவை மாதிரி" மூன்றும் எழுதியவர் மனதுக்குள் மட்டும் இருக்கிற பொருள். நாமாக ஊகித்துத் தெளிவாக எழுதிவிட்டால், தப்பான வேலை கச்சிதமாக நடந்து முடியும். "போன தடவை மாதிரி ஆகிறக்கூடாது" என்பதில்கூட, போன தடவை என்ன ஆனது, ஐஸ் குறைந்ததா, தாமதமா என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

> @கண்ணன் இன்று செவ்வாய் ஏலத்தில் வாங்கிய மீனுக்குப் படகுப் பட்டியல். ஒவ்வொரு படகுக்கும்: முழுப் பதிவு எண், மீன் வகை, கிலோ. எண்ணைக் கேட்டு எழுதாம, படகின் பக்கவாட்டை போட்டோ எடுத்து அதைப் பார்த்து எழுதுங்க. காலை 11 மணிக்குள் பட்டியலை எனக்கு அனுப்புங்க. மொத்தக் கிலோ எடைச்சீட்டோட ஒத்துப்போகணும்.

தூத்துக்குடிக்கு நீங்கள் சரிபார்த்து அனுப்புங்கள். அது உங்கள் வேலை என்றும் குரூப்பில் ஒரு வரி போடுங்கள். வாங்குகிறவர் ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று கேட்டு, அதிலிருந்து பின்னால் எண்ணித்தான் 11-ஐ முடிவு செய்ய வேண்டும். நான் போட்டது சும்மா ஒரு நேரம்.

பாம்பன்_கணக்கர்

கேட்டுவிட்டேன். மதியம் 2 மணிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டுமாம். 11 சரியாகத்தான் வருகிறது.

"பெட்டி ரெடி" மெசேஜை நானே முயன்றேன். "திங்கள் மாலை 5-க்குள் 40 பெட்டி கழுவி, கவிழ்த்து அடுக்கி, ஷெட் உள்ளே" என்று எழுதினேன். மேஸ்திரி, "குளோரின் தண்ணியா, வெறும் தண்ணியா?" என்று கேட்டார். அதையும் சேர்த்துக்கொண்டேன். எழுதுவதைப் படித்துவிட்டு ஆட்கள் இப்படித் திருப்பிக் கேட்க ஆரம்பித்திருப்பது எனக்கு மிகவும் சந்தோஷம். முன்பெல்லாம் கேட்கவே மாட்டார்கள்.

இன்னும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காது, படகு போகாது. சில சமயம் திங்கள் காலையில்தான் தெரியும். அதற்கு முன்பே நான் எல்லாருக்கும் வேலை எழுதிப் போட்டிருப்பேன். டோக்கன் இல்லை என்று தெரிந்ததும் ஏலக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். ஐஸ் சொன்னவருக்குத் தெரியாது. ஐஸ் கம்பெனியில் 20 பார் நம் பேரில் நிற்கும்.

தொண்டி_சரக்கு

மெசேஜிலேயே ஒரு நிபந்தனை போடுங்கள்: "டோக்கன் நிறுத்தினா இந்த வேலை கிடையாது. அதை திங்கள் காலை 9 மணிக்குள் குரூப்பில் சொல்ல வேண்டியது கண்ணன்." ஜெட்டியில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். சொல்வது அவர், ஐஸை ரத்து செய்வது அதைச் சொல்லி வைத்த முருகேசன். முதலாளியைக் கேட்டுவிட்டுத்தான் என்றால் அதற்குள் ஐஸ் நொறுக்கியாகிவிடும்.

கீழக்கரை_நெய்தல்

இதில் நான் மாறுபடுகிறேன். ஐஸ் கம்பெனியோடு உறவு முதலாளிக்குத்தான். வேலை ஆள் போன் போட்டு ரத்து என்றால் அடுத்த முறை நெருக்கடியில் நமக்கு ஐஸ் தர மாட்டான். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது வேறு தகராறு. ரத்து செய்வது முதலாளியாகத்தான் இருக்க வேண்டும்.

தூத்துக்குடி_மருமகன்

முதலாளி போனை எடுக்கவில்லை என்றால்?

கீழக்கரை_நெய்தல்

அதற்குத்தான் வீட்டு நம்பர் இருக்கிறதே.

தொண்டி_சரக்கு

எங்களிடம் ஆளே ரத்து செய்வார், பிறகு முதலாளிக்குத் தகவல் போகும். இத்தனை வருடத்தில் ஐஸ்காரர் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் எங்களுடையது தொண்டி, ஐஸுக்கு அவ்வளவு போட்டி கிடையாது. பாம்பன் நிலவரம் வேறாக இருக்கலாம். பாம்பன்_கணக்கர், உங்கள் முதலாளியிடம் கேளுங்கள். காற்று இல்லாத ஒரு நாளில், நிதானமாக இருக்கும்போது கேளுங்கள்.

பாம்பன்_கணக்கர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சரக்கு போன பிறகு கேட்கிறேன். முருகேசனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாம் என்று இருக்கிறேன். ஐஸ் கம்பெனியில் யாரிடம் பேசுகிறார், எத்தனை மணி வரை ரத்து சொன்னால் ஒத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.